விடிய விடிய விழித்திருந்தும் காசு போனது எப்படி?



இது கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். உங்கள் வீட்டில் இரவில் போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு படுக்கும் பிள்ளை இருந்தால் கட்டாயம் வாசியுங்கள்.

எங்களிடம் உயர்தரம் கணிதப் பிரிவில் படித்த மாணவன் ஒருவன். இப்போது மாமாவின் ஹாட்வெயார் கடையில் நிற்கிறான். கெட்டிக்காரப் பிள்ளை. பாடசாலைக் கட்டட வேலைக்கு ஆணி, பெயின்ட் வாங்கப் போகும்போதெல்லாம் கல்லாவுக்குப் பின்னால் தூங்கி வழிவான். என்ன மகன், இரவில் தூங்குவதில்லையா என்று கேட்டால், "சந்தை தூங்காதே சேர்" என்று சிரிப்பான். கிரிப்டோ விலையைத்தான் சொல்கிறான் என்று விளங்கும். ஒரு வீதம் கூடினாலும் குறைந்தாலும் சத்தம் போடும்படி போனில் அலாரம் வைத்திருந்தான். இரவு பன்னிரண்டுக்கும் அடிக்கும், இரண்டுக்கும் அடிக்கும். ஸுபஹுக்கு எழும்பும் உம்மா அவன் இன்னும் முழித்திருப்பதைக் கண்டு அழுவாராம்.

2025 ஒக்டோபர் 11, சனிக்கிழமை. அன்று மாலை எங்களைத் தேடி வந்தான். முகம் வெளிறிப்போயிருந்தது. "சேர், எல்லாம் போயிட்டு. நான் முழிச்சித்தான் இருந்தன். கண்ணுக்கு முன்னாலயே போயிட்டு" என்றான்.

அறுநூறு டொலர். அன்றைய மதிப்பில் ஒரு இலட்சத்து எண்பதாயிரம் ரூபாய் அளவில். ஒன்றரை வருடமாகச் சேர்த்த காசு.

அதற்குப் பிறகு அவனை உட்கார வைத்து, நடந்ததைத் தாளில் எழுதிப் பார்த்தோம். எங்களில் ஒருவர் கணிதம் படிப்பிப்பவர், இன்னொருவர் தகவல் தொழில்நுட்பம். இரண்டு மூன்று பின்னேரங்கள் எடுத்தது. அதிலிருந்து எங்களுக்கு விளங்கியதை இங்கே சொல்கிறோம். கிரிப்டோ கூடுமா கூடாதா என்ற மார்க்கத் தீர்ப்பை உலமாக்களிடம் விட்டுவிடுவோம். நாங்கள் கதைக்கப்போவது ஒரே ஒரு நம்பிக்கையைப் பற்றி: "24 மணித்தியாலமும் பார்த்துக்கொண்டிருந்தால் காசைக் காப்பாற்றலாம்" என்ற நம்பிக்கை. அது பிழை என்பது எங்கள் அபிப்பிராயம். ஏன் பிழை என்பதை அந்த இரவின் கணக்கிலிருந்தே காட்டுகிறோம்.

முதலில் அவன் செய்திருந்த வியாபாரத்தைப் பார்ப்போம்.

அவன் எதீரியம் வாங்கி வைத்திருந்ததாகத்தான் எங்களிடம் சொல்லி வந்தான். உண்மையில் அவன் நாணயத்தை வாங்கவில்லை. பியூச்சர்ஸ் என்ற பகுதியில் 10x என்று தெரிவு செய்து, தன்னுடைய 600 டொலரை ஈடாக வைத்து 6,000 டொலர் பெறுமதிக்கு விலை கூடும் என்று பந்தயம் மாதிரிப் பிடித்திருந்தான். இதற்குத்தான் லெவரேஜ் என்று பெயர். அவன் பிடித்தபோது ஒரு எதீரியம் 4,300 டொலர். 6,000 டொலருக்கு ஏறத்தாழ 1.4 எதீரியம் வரும்.

விலை பத்து வீதம் கூடினால் 600 டொலர் இலாபம், அதாவது போட்ட காசு இரட்டிப்பு. பிள்ளைகளை இழுப்பது இந்தக் கணக்குத்தான். மறுபக்கம் விலை பத்து வீதம் குறைந்தால் போட்ட காசு முழுவதும் பூச்சியம். ஆனால் எக்ஸ்சேஞ்ச் பூச்சியம் வரும் வரை காத்திருக்காது. தனக்கு நட்டம் வராமல் இருக்க, ஈட்டில் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே உங்களைக் கேட்காமல் விற்றுவிடும். இதுதான் லிக்விடேஷன். அரை வீதம் மிச்சம் இருக்க வேண்டும் என்ற விதிப்படி கணக்குப் பார்த்தால், அவனுடைய கோடு சுமார் 3,890 டொலரில் விழுகிறது. 4,300இலிருந்து 3,890. வெறும் ஒன்பதரை வீத இறக்கம். அந்தக் கோட்டைத் தொட்ட நொடியில் அவனுடைய 600 டொலர் முடிந்தது. பிறகு விலை எங்கே போனாலும் அவனுக்குச் சம்பந்தமில்லை.

அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியுமா என்று கேட்டோம். "Liq. Price என்று திரையில காட்டும் சேர், நான் அதைப் பார்க்கிறல்ல" என்றான். விலையை இராப்பகலாகப் பார்த்த பிள்ளை, பார்க்க வேண்டிய ஒரே எண்ணைப் பார்க்கவில்லை.

இனி அந்த இரவு.

அமெரிக்காவில் அப்போது வெள்ளிக்கிழமை மாலை. சீனப் பொருட்களுக்கு மேலதிகமாக நூறு வீத வரி விதிப்பேன் என்று ஜனாதிபதி ட்ரம்ப் அறிவித்தார். எங்களுக்கு அது சனிக்கிழமை அதிகாலை இரண்டரை மணி சுமார். பங்குச் சந்தைகள் பூட்டியிருந்த நேரம். திறந்திருந்தது கிரிப்டோ மட்டும். அதனால் பயந்தவர்களின் விற்பனையெல்லாம் அங்கே வந்து கொட்டியது. அதற்கு முந்திய நாள் 1,21,000 டொலர் அளவில் இருந்த பிட்கொயின் 1,05,000க்கும் கீழே போனது. எதீரியம் 3,500க்கும் கீழே போய்த் தொட்டது. ஒரு நாளில் சுமார் 1,900 கோடி டொலர் பெறுமதியான லெவரேஜ் வியாபாரங்கள் இப்படிக் கட்டாயமாக முடிக்கப்பட்டன. பதினாறு இலட்சம் கணக்குகள் பாதிக்கப்பட்டதாகச் செய்திகளில் வந்தது. எங்கள் தம்பி அதில் ஒருவன்.

ஒரு அறிவிப்புக்கு ஏன் இவ்வளவு வேகமாக விழ வேண்டும்? எங்கள் ஊர் மீன் சந்தையை நினைத்துப் பாருங்கள். பத்துப் பேர் வாங்க நிற்கிறார்கள். ஒருவர் கிலோ ஆயிரத்துக்கு, அடுத்தவர் 980க்கு, அதற்கடுத்தவர் 950க்கு என்று கேட்கிறார்கள். திடீரென்று நூறு தோணிகள் ஒன்றாகக் கரைக்கு வந்தால், முதலில் ஆயிரத்துக்குக் கேட்டவர் முடிகிறார், பிறகு 980, பிறகு 950. நிலைமையைக் கண்டு மற்ற வியாபாரிகள் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் போகிறார்கள். கடைசியில் ஒருவர் 600க்குக் கேட்டால் அதுதான் விலை. எக்ஸ்சேஞ்சிலும் வாங்குபவர்களின் வரிசை இதே மாதிரித்தான். அந்த வரிசை அன்றிரவு மெலிந்துபோனது.

அதோடு இன்னொன்று. கட்டாய விற்பனையும் விற்பனைதானே. ஒருவருடைய கோடு தொடப்பட்டால் அவருடையது விற்கப்படுகிறது. அதனால் விலை இன்னும் கொஞ்சம் இறங்கி, அடுத்தவரின் கோட்டைத் தொடுகிறது. அவருடையதும் விற்கப்படுகிறது. வரிசையாக நிறுத்திய சைக்கிள்கள் ஒன்றை ஒன்று தள்ளிச் சாய்கிற மாதிரி. கொழும்புப் பங்குச் சந்தையில் பின்னேரம் இரண்டரைக்கு மணி அடித்தால் வியாபாரம் முடியும். விலை கடுமையாக விழுந்தால் இடையில் நிறுத்தி வைக்கும் விதியும் அங்கே உண்டு. கிரிப்டோவில் பொதுவான மணியும் இல்லை, எல்லா எக்ஸ்சேஞ்சையும் ஒன்றாக நிறுத்துபவரும் இல்லை.

இப்போது எங்கள் தம்பியின் திரைக்கு வருவோம்.

இரவு முன்பகுதியிலேயே விலை இறங்கத் தொடங்கியிருந்ததால் அவன் தூங்கவில்லை. இரண்டரைக்குப் பிறகு சரிவு தொடங்கியதும் உடனே மூடிவிடத் தீர்மானித்து Close என்ற பொத்தானை அழுத்தினான். வட்டம் சுற்றியது. மீண்டும் அழுத்தினான். சிஸ்டம் பிஸியாக இருக்கிறது, பிறகு முயற்சி செய்யுங்கள் என்று வந்தது. செயலியை மூடித் திறந்தான். லொகின் கேட்டது. எஸ்எம்எஸ்ஸில் வர வேண்டிய குறியீடு வரவில்லை. நாலைந்து நிமிடங்களுக்குப் பிறகு உள்ளே போனபோது அவனுடைய பொசிஷன் பட்டியல் வெறுமையாக இருந்தது.

"அவங்க வேணுமெண்டு பூட்டினாங்க சேர்" என்று அவன் சொன்னான். அப்படியும் இருக்கலாம் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். எங்களால் அதை நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. ஆனால் சதி எதுவும் இல்லாமலேயே இது நடக்கும் என்பதை விளங்கிக்கொள்ளுங்கள். சாதாரண நேரத்தில் ஆயிரம் பேர் திறந்து பார்க்கும் செயலியை அந்த நிமிடத்தில் பல மடங்கு பேர் ஒன்றாகத் திறக்கிறார்கள். ஒவ்வொருவரும் பத்துத் தடவை அழுத்துகிறார்கள். கட்டாய விற்பனைக் கட்டளைகள் வேறு வந்து குவிகின்றன. பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் அன்று அந்த இணையத்தளம் படும் பாடு எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதே நெரிசல்தான். விலை பாய்வதும் செயலி விழுவதும் ஒரே காரணத்தால் வருபவை. ஆகவே அவை ஒன்றாகத்தான் வரும்.

இது ஒரு தடவை நடந்த விபத்தும் இல்லை. 2020 மார்ச் 12, 13இல் பிட்கொயின் நாலாயிரம் டொலருக்குக் கீழே விழுந்தபோது, அக்காலத்தில் லெவரேஜ் வியாபாரத்துக்குப் பேர்போன பிட்மெக்ஸ் கொஞ்ச நேரம் நின்றுபோனது. 2021 மே 19இல் ஒரே நாளில் விலை 43,000 அளவிலிருந்து 30,000 அளவுக்கு இறங்கியபோது பைனான்ஸ், கொயின்பேஸ் இரண்டிலும் கோளாறு. விலை ஏறும்போதும் நடக்கும். 2024 பெப்ரவரி 28இல் பிட்கொயின் 60,000ஐத் தாண்டிப் பாய்ந்தது. கொயின்பேஸில் பலருடைய கணக்கில் மீதி பூச்சியம் என்று காட்டியது. வழமையை விடப் பத்து மடங்கு நெரிசலுக்குத் தயாராக இருந்தோம், வந்தது அதையும் மிஞ்சியது என்று அதன் தலைவரே சொன்னார். யாருடைய காசும் காணாமல் போகவில்லை, திரைதான் பிழையாகக் காட்டியது. ஆனால் அந்த நிமிடத்தில் பூச்சியத்தைப் பார்த்தவனின் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும்?

சந்தைக்குச் சம்பந்தமே இல்லாமலும் நிற்கும். 2025 ஒக்டோபர் 20இல் அமெரிக்காவில் அமேசனின் கணினி நிலையம் ஒன்றில் ஏற்பட்ட கோளாறினால் கொயின்பேஸ் உட்பட எத்தனையோ சேவைகள் முடங்கின. எங்கள் பக்கத்திலும் உத்தரவாதம் இல்லை. அதே வருடம் பெப்ரவரி 9இல் பாணந்துறை உப மின் நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடே இருளில் மூழ்கியதை மறந்துவிட்டோமா? பார்த்துக்கொண்டிருப்பவனின் கண்ணுக்கும் சந்தைக்கும் இடையில் எத்தனை கண்ணிகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். அதில் ஒன்று அறுந்தாலும் விழித்திருந்ததில் பயனில்லை.

"அப்படியென்றால் ஸ்டொப் லொஸ் போட்டிருந்தால் தப்பியிருப்பேனா?" என்று அவன் கேட்டான். நல்ல கேள்வி. ஸ்டொப் லொஸ் என்பது, விலை இந்த இடத்துக்கு வந்தால் விற்றுவிடு என்று முன்கூட்டியே எக்ஸ்சேஞ்சில் கொடுத்து வைக்கும் கட்டளை. அது உங்கள் போனில் இருப்பதில்லை, அவர்களுடைய கணினியில் இருக்கிறது. உங்கள் செயலி திறக்காவிட்டாலும், அவர்களின் வியாபார இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தால் அது வேலை செய்யும். அந்த வகையில் விழித்திருப்பதை விட ஆயிரம் மடங்கு மேல். ஆனால் அதில் இரண்டு பொறிகள் உண்டு.

ஒன்று, கட்டளையின் வகை. Stop Limit என்று போட்டால் இரண்டு எண்கள் கொடுக்க வேண்டும். உதாரணமாக, 4,100க்கு வந்தால் கட்டளையைக் கிளப்பு, ஆனால் 4,080க்குக் குறைத்து விற்காதே. சாதாரண நாளில் இது சரி. அன்றிரவு மாதிரி விலை படியிறங்காமல் குதித்தால், 4,100இல் கட்டளை கிளம்பும், ஆனால் 4,080க்கு வாங்க ஆள் இருக்காது. கட்டளை அப்படியே தொங்கிக்கொண்டு நிற்கும், விலை கீழே போய்விடும். Stop Market என்று போட்டால், கிளம்பியதும் கிடைக்கும் விலைக்கு விற்றுவிடும். 4,100க்குப் போட்டது 4,020க்கும் போகலாம், அதை விடக் கீழேயும் போகலாம். ஆனால் வெளியே வந்துவிடுவீர்கள். தப்பி வெளியேறுவதுதான் நோக்கம் என்றால் இரண்டாவது வகைதான் பொருத்தம்.

இரண்டாவது பொறி, எந்த விலையைப் பார்த்துக் கட்டளை கிளம்புகிறது என்பது. திரையில் Last Price, Mark Price என்று இரண்டு இருக்கும். Last Price என்பது அந்த ஒரு எக்ஸ்சேஞ்சில் கடைசியாக நடந்த கொடுக்கல் வாங்கலின் விலை. Mark Price என்பது பல எக்ஸ்சேஞ்சுகளின் விலைகளை வைத்துக் கணிக்கப்படும் நியாய விலை. லிக்விடேஷனைப் பெரும்பாலும் தீர்மானிப்பது இதுதான்.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம்? 2021 ஒக்டோபர் 21இல் அமெரிக்காவில் இயங்கும் பைனான்ஸ் யூஎஸ்ஸில் பிட்கொயின் 65,000 அளவிலிருந்து ஒரு நிமிடத்துக்குள் 8,200க்கு விழுந்து, உடனே திரும்பவும் ஏறியது. உலகத்தில் வேறெங்கும் அப்படி விழவில்லை. பெரிய வாடிக்கையாளர் ஒருவரின் தானியங்கி விற்பனை நிரலில் இருந்த பிழை என்று நிறுவனம் சொன்னது. ஒரு கடையில் தராசு பழுதானதற்காக ஊர் முழுவதும் அரிசி விலை குறைந்துவிட்டது என்று சொல்வோமா? ஆனால் அந்தக் கடையில் உங்கள் கட்டளை Last Price பார்த்துக் கிளம்பும்படி போடப்பட்டிருந்தால், பழுதான தராசிலேயே உங்கள் பொருள் நிறுக்கப்பட்டு விற்கப்பட்டிருக்கும்.

ஆகவே திரையில் விலை திடீரென்று செங்குத்தாக ஏறினாலோ விழுந்தாலோ, எதையும் அழுத்த முன்னர் வேறு இரண்டு இடங்களில் அதே விலையைப் பாருங்கள். மூன்று இடத்திலும் அதே விலை என்றால் சந்தை நகர்ந்திருக்கிறது. ஒரே இடத்தில் மட்டும் என்றால் அந்தக் கடையின் கோளாறு.

நியாய விலை என்பதும் முழுக் கவசம் இல்லை. அதே ஒக்டோபர் இரவில், எப்போதும் ஒரு டொலராக நிற்க வேண்டிய USDe என்ற நாணயம் பைனான்ஸில் 65 சதம் அளவுக்கு இறங்கியது. மற்ற முக்கிய இடங்களில் அது ஒரு டொலருக்குக் கிட்டவே நின்றது. அதை ஈடாக வைத்திருந்தவர்களின் ஈட்டுப் பெறுமதி அந்தப் பிழையான விலையிலேயே கணிக்கப்பட்டது. எந்தப் பிழையும் செய்யாமலே பலர் லிக்விடேஷனில் அகப்பட்டார்கள். பிறகு அந்த நிறுவனம் USDeயோடு சேர்த்து இன்னும் இரண்டு நாணயங்களை ஈடு வைத்தவர்களுக்குச் சுமார் 28 கோடி டொலர் நட்டஈடு கொடுத்தது. சந்தை விழுந்ததால் வந்த நட்டத்துக்குக் கொடுக்க மாட்டோம் என்றும் சொன்னது. பொத்தான் வேலை செய்யவில்லை என்று சொல்லும் எங்கள் தம்பி போன்றவர்கள் அதற்குள் வர மாட்டார்கள்.

அவன் எங்கே முறையிடுவது? இலங்கை மத்திய வங்கி இப்படியான எந்த நிறுவனத்துக்கும் அனுமதி கொடுக்கவில்லை என்று திரும்பத் திரும்ப அறிவித்திருக்கிறது. வங்கி அட்டைகளால் இதற்குப் பணம் செலுத்துவதற்கும் தடை இருக்கிறது. அதனால்தான் எங்கள் பிள்ளைகள் யாரென்று தெரியாத ஒருவரின் கணக்குக்கு ரூபாயைப் போட்டு டொலர் நாணயம் வாங்குகிறார்கள். இப்படிப் போனவனுக்கு, போன இடத்தில் அநியாயம் நடந்தால் கதவைத் தட்ட இங்கே ஒரு அலுவலகம் இல்லை.

கோளாறு நேரத்தில் பிள்ளைகள் செய்யும் இரண்டு பிழைகளையும் சொல்லிவிடுகிறோம். இரண்டும் நட்டத்தை இரட்டிப்பாக்குபவை.

முதலாவது, சுற்றும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு விற்பனைப் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்துவது. திரை பதில் சொல்லாவிட்டாலும் கட்டளை உள்ளே போயிருக்கக்கூடும். பியூச்சர்ஸில் இரண்டு விற்பனைக் கட்டளைகள் போனால், முதலாவது உங்கள் வியாபாரத்தை மூடும், இரண்டாவது விலை விழும் என்ற எதிர்ப் பந்தயத்தைத் திறந்துவிடும். விலை திரும்பி ஏறும்போது அதிலும் அடி. Reduce-Only என்ற கட்டத்தில் அடையாளம் இட்டிருந்தால் இது நடக்காது. ஒரு தடவை அழுத்தியபின் Open Orders பகுதியையும் Order History பகுதியையும் பார்த்த பிறகே அடுத்ததை அழுத்த வேண்டும்.

இரண்டாவது, பதறிப்போய் குழுக்களில் உதவி கேட்பது. கேட்டவுடனே "நாங்கள் கஸ்டமர் சப்போர்ட்" என்று ஒருவர் உள்பெட்டிக்கு வருவார். இணைப்பு ஒன்றை அனுப்பி கடவுச்சொல்லையோ, எஸ்எம்எஸ் குறியீட்டையோ, வொலட்டின் பன்னிரண்டு சொற்களையோ கேட்பார். மீதி பூச்சியம் என்று காட்டியது திரைக் கோளாறாக இருந்திருக்கும். இவரிடம் கொடுத்த பிறகு அது உண்மையான பூச்சியமாகிவிடும். உண்மையான எந்த நிறுவனமும் இவற்றைக் கேட்பதில்லை. கோளாறு இருக்கிறதா என்று அறிய அந்த எக்ஸ்சேஞ்சின் Status பக்கத்தை நீங்களே முகவரியை அடித்துத் திறந்து பாருங்கள். அது பச்சையாக இருந்தாலும் நூறு வீதம் நம்ப வேண்டாம். சில வேளை அது பிந்தித்தான் மாறும்.

இனி எங்கள் அபிப்பிராயம்.

அவனுடைய தாளில் கடைசியாக ஒரு கணக்குப் போட்டோம். இதே 600 டொலருக்கு, லெவரேஜ் இல்லாமல், 4,300க்கு உண்மையான எதீரியத்தை வாங்கி வைத்திருந்தால் என்ன நடந்திருக்கும்? அன்றிரவு அவன் தூங்கியிருக்கலாம். செயலி நின்றாலும் பரவாயில்லை, கோடு என்று ஒன்றே இல்லை. இரண்டு மூன்று நாட்களில் எதீரியம் 4,100க்கு மேல் திரும்பி வந்தது. அப்போது அவனுடைய நட்டம் 28 டொலருக்குள். இரவு முழுக்க விழித்திருந்தவனுக்கு 600 நட்டம், ஒன்றும் செய்யாமல் தூங்கியிருக்கக்கூடியவனுக்கு 28. அவன் தாளை நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அப்ப நான் எதுக்கு சேர் முழிச்சிருந்தன்?" என்று கேட்டான்.

வாங்கி வைத்தால் நட்டமே வராது என்று இதை விளங்கிவிடாதீர்கள். பாதியாக விழுந்து வருடக்கணக்கில் எழும்பாத காலமும் இருந்திருக்கிறது, முற்றாக அழிந்த நாணயங்களும் இருக்கின்றன. நாங்கள் சொல்வது இவ்வளவுதான்: விழித்திருக்க வேண்டிய நிலை வந்துவிட்டதென்றால், அந்த வியாபாரம் ஏற்கனவே உங்கள் கைக்கு மிஞ்சியதாகிவிட்டது. நீங்கள் தூங்கும்போதும், கரண்ட் போகும்போதும், எக்ஸ்சேஞ்ச் நிற்கும்போதும் தாங்கக்கூடிய அளவில் இருந்தால்தான் அது உங்களுக்கு ஏற்ற அளவு. அந்த அளவைத் தீர்மானிக்க முடிவது வாங்கும் நிமிடத்தில் மட்டும்தான். இரவு இரண்டரைக்குத் தீர்மானிக்க முடியாது.

ஆகவே ஏற்கனவே உள்ளே இருக்கும் தம்பிமாரிடம் ஒரு வேண்டுகோள். இன்று பகலில், சந்தை அமைதியாக இருக்கும்போது செயலியைத் திறந்து மூன்றைப் பாருங்கள். லெவரேஜ் இருக்கிறதா, இருந்தால் Liq. Price எங்கே நிற்கிறது. Cross என்று இருக்கிறதா, Isolated என்று இருக்கிறதா. Cross என்றால் ஒரு வியாபாரம் சரிந்தாலும் பியூச்சர்ஸ் கணக்கில் உள்ள மற்றக் காசையும் அது இழுத்துக்கொள்ளும். ஸ்டொப் போட்டிருக்கிறீர்களா, எந்த வகை, எந்த விலையைப் பார்த்துக் கிளம்பும். இந்த மூன்றுக்கும் உடனே பதில் சொல்ல முடியாவிட்டால் அந்த வியாபாரத்தை இன்றைக்கே மூடிவிடுங்கள். பகலில் பொத்தான் வேலை செய்யும். ஒரு வீத அலாரங்களையும் அழித்துவிடுங்கள். அவை அடித்துத்தான் எங்கள் பிள்ளை ஒரு வருடம் தூக்கத்தை இழந்தான், அடிக்க வேண்டிய இரவில் அடித்தும் உதவவில்லை.

பெற்றோரிடமும் ஒன்று. பிள்ளை இரவில் போனோடு இருந்தால் ஏசாதீர்கள். ஏசினால் மறைப்பான், நட்டத்தை மீட்க இன்னும் கடன் வாங்குவான். பக்கத்தில் இருந்து, "உன்ட கோடு எங்க மகன் இருக்கு?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் திணறினால் அவனுக்கே விளங்கும்.

எங்கள் தம்பி இப்போது கடையில் தூங்கி வழிவதில்லை. கணக்கை மூடிவிட்டான். இந்தக் கதையைப் பெயர் சொல்லாமல் எழுதலாம் என்று அவனே அனுமதி தந்தான். கணக்குப் போட்ட தாளை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். அவனுடைய வட்ஸ்அப் குழுவில் இன்னும் பதினொரு பேர் 20x போட்டிருக்கிறார்களாம், அவர்களுக்குக் காட்ட வேண்டுமாம். 20xஇல் நாலரை வீத இறக்கத்திலேயே கோடு தொட்டுவிடும் என்பதையும் அதே தாளின் அடியில் எழுதிக் கொடுத்து அனுப்பினோம்.